கால்வாய் குடிக்கும் தண்ணீர்

ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானிக் கால்வாயை ஒட்டிய ஒரு கிராமத்திற்கு ஆகஸ்டு மாதத்தில் சென்றால் ஒரு விந்தையைக் காணலாம். மழை பெய்திருக்காது. வானத்தில் மேகமும் இராது. ஆனாலும் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட சில வாரங்களில், கால்வாய்க்குக் கீழ்ப்புறம் உள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறத் தொடங்கும். கால்வாய்க்கு மேட்டுப்புறம் உள்ள கிணறுகளில் அப்படி ஏறாது. கிணற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே குழாய் எதுவும் இல்லை. பிறகு தண்ணீர் எப்படி வந்தது?

விடை எளிது. கீழ்பவானி ஒரு மண் கால்வாய். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. இத்தனை தூரமும் மண்ணின் மேல் ஓடும் நீரில் ஒரு பகுதி, அடிமண் வழியாகவும் கரை வழியாகவும் கசிந்து வெளியேறுகிறது. இந்தக் கசிவை நிறுத்துவதற்காகக் கால்வாயின் உட்புறம் கான்கிரீட் தளம் போடலாமா, கூடாதா என்பதே இப்பகுதி உழவர்களை இரு கட்சியாகப் பிரித்த கேள்வி. 2020-இல் அரசு சுமார் 710 கோடி ரூபாயில் இக்கால்வாயைச் சீரமைக்க முடிவு செய்தபோது, கடைமடைக்காரர்களில் பலர் வரவேற்றார்கள். கிணற்றுப் பாசனக்காரர்கள் பலர் போராட்டத்தில் இறங்கினார்கள். இருவரும் பேசியது ஒரே தண்ணீரைப் பற்றித்தான்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். எந்தக் கட்சி சரி என்று கேட்பதற்கு முன் என் மனத்தில் எழுந்த கேள்வி வேறு: எவ்வளவு கசிகிறது? அதை எப்படி அளப்பது?

உடனே தோன்றும் வழி ஒன்று உண்டு. கால்வாயின் தலைப்பில் நுழையும் நீரை அளந்துகொள். சில கிலோமீட்டர் தள்ளிக் கீழே வந்து சேரும் நீரையும் அள. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடு. இந்த முறையை நானும் என் கல்லூரி மாணவர்களும் முதலில் முயன்றோம். நாங்கள் எடுத்துக்கொண்டது பெரிய கால்வாயை அன்று. அதிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலை. அதன் அடி அகலம் 2 மீட்டர். கரைகள் சரிவானவை, ஒரு மீட்டர் உயரத்திற்கு ஒன்றரை மீட்டர் விலகிச் செல்பவை. தண்ணீர் ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஓடும்போது நீர்ப்பரப்பின் அகலம் 5 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 3.5 சதுர மீட்டர் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நீரின் சராசரி வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். ஆகவே விநாடிக்கு 1.4 கனமீட்டர் ஓடுகிறது. அதாவது சுமார் 50 கன அடி. ஒரு நாளில் ஏறத்தாழ 1,21,000 கனமீட்டர்.

ஐந்து கிலோமீட்டர் கீழே சென்று மீண்டும் அளந்தோம். இடையில் உள்ள மதகுகளை எல்லாம் அன்று மூடிவைக்கச் செய்திருந்தோம். கிடைத்த விடை என்ன தெரியுமா? மேலே நுழைந்ததைவிடக் கீழே வந்த தண்ணீர் அதிகம்! மறுநாள் அளந்தபோது பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வாய்க்கால் ஒரு நாள் தண்ணீரைக் குடித்து மறுநாள் உமிழவில்லை. எங்கள் அளவையில்தான் கோளாறு.

கோளாறு என்பதைவிட, அந்த முறையின் இயல்பு என்பதே பொருந்தும். ஓடும் நீரின் அளவை நல்ல மின்னோட்டமானியைப் போல் துல்லியமாகக் காட்டும் கருவி வாய்க்காலுக்கு இல்லை. வேகமானியை நீரில் இறக்கி, பல இடங்களில், பல ஆழங்களில் வேகத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கவனமாகச் செய்தாலும் நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை நேரும். 1,21,000-இல் ஐந்து சதவீதம் ஏறத்தாழ 6,000 கனமீட்டர். மேலே ஒரு பிழை, கீழே ஒரு பிழை. நாம் தேடும் கசிவோ அதே 6,000, 7,000 அளவில்தான் இருக்கிறது. லாரியை அதன் ஓட்டுநரோடு ஒரு முறையும், அவரை இறக்கிவிட்டு ஒரு முறையும் எடை மேடையில் ஏற்றி, ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வது போன்றது இது. லாரியின் எடையில் வரும் சிறு பிழையே ஓட்டுநரை விழுங்கிவிடும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய கால்வாயில் கசிவு மொத்தமாகச் சேர்ந்து பெரிதாகிவிடுவதால் இம்முறை பயன்படும். சிறு வாய்க்காலுக்கு உதவாது.

அப்படியானால் ஓட்டுநரை மட்டும் தனியாக எடைபோட வேண்டும். ஓடும் நீரை விட்டுவிட்டு நிற்கும் நீரை அளக்க வேண்டும்.

இதற்குக் குளம்கட்டும் முறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். வாய்க்காலில் ஒரு நேரான பகுதியைத் தேர்ந்தெடுத்து, இரு முனைகளிலும் குறுக்கே அணை கட்டி, உள்ளே நீரை நிறுத்தி, நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பதுதான் முறை. பாசனப் பிரிவு அதிகாரியின் அனுமதியோடு டிசம்பர் நடுவில், முதல் போகத்திற்கான நீரை நிறுத்தும் நாளில் இதைச் செய்தோம். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாதக்கணக்காக உலர்ந்து கிடக்கும் வாய்க்காலில் நீரை நிறுத்தினால், காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். முதல் நாள் நீர்மட்டம் மளமளவென்று இறங்கும். இரண்டாம் நாள் குறையும். மூன்றாம் நாள் இன்னும் குறையும். முதல் நாள் அளவை மட்டும் பார்த்துவிட்டு, "பாருங்கள், எவ்வளவு வீணாகிறது!" என்று கூறுபவர் மண்ணின் தாகத்தைக் கசிவென்று கணக்குச் சொல்கிறார். நான்கு மாதம் நீர் ஓடி ஊறிப்போன வாய்க்காலில் இந்தத் தொல்லை இல்லை. சுற்றிலும் நிலத்தடி நீரும் ஓடும் காலத்தில் இருந்த நிலையிலேயே இருக்கும்.

தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே 50 மீட்டர் இடைவெளியில் இரு அணைகளைக் கட்டினோம். மணல் மூட்டைகள், இடையே மிதித்த களிமண், உட்புறம் தார்பாலின். மீதித் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நிரப்பித் தந்தது. அளவுகோலை நடுவில் நட்டு, அதைச் சுற்றி அடிப்பக்கம் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தினோம். காற்றில் எழும் சிற்றலைகள் குழாய்க்குள் வராததால் நீர்மட்டத்தை மில்லிமீட்டர் வரை படிக்க முடிந்தது. கரையில் ஒரு தகரத் தொட்டியில் நீர் நிரப்பி வைத்தோம். அதில் கசிவு இல்லை, குறைவதெல்லாம் ஆவியாவதுதான்.

காலை ஆறு மணிக்கு வாய்க்காலில் நீரின் ஆழம் 107.0 செ.மீ. மாலை ஆறு மணிக்கு 92.5 செ.மீ. இறங்கியது 14.5 செ.மீ. தகரத் தொட்டியில் குறைந்தது அரை செ.மீ. மட்டுமே. கால்வாய் நீரை வெயில்தான் குடித்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆவியைக் கழித்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் கசிவினால் இறங்கியது 14 செ.மீ.; ஒரு நாளைக்கு 28 செ.மீ.

நீர்ப்பரப்பின் சராசரி அகலம் 5 மீட்டர். எனவே வாய்க்காலின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் ஒரு நாளில் இழப்பது 0.28 × 5 = 1.4 கனமீட்டர். இந்த நீர் பரப்பின் வழியே போகவில்லை; அடியும் இரு சரிவுகளும் சேர்ந்த நனையும் சுற்றளவின் வழியே போயிற்று. பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு சரிவின் நீளத்தைக் கண்டால் ஒவ்வொன்றும் 1.8 மீட்டர், அடி 2 மீட்டர், மொத்தம் 5.6 மீட்டர். 1.4-ஐ 5.6-ஆல் வகுத்தால் 0.25. அதாவது நனைந்த மண்ணின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு நாளைக்கு 250 லிட்டர் நீரை உள்ளே விடுகிறது. ஏறக்குறைய பதினாறு குடம்! ஓரளவு மணற்பாங்கான செம்மண்ணுக்கு இது இயல்பான அளவே. நல்ல களிமண்ணாக இருந்தால் இதில் பாதிகூட இராது. சுத்த மணலாக இருந்தால் பல மடங்கு இருக்கும்.

இந்த அளவை நம்பலாமா? அணைகளின் வழியே நீர் ஒழுகினால் அதையும் கசிவென்று எண்ணிவிடுவோம். ஆகவே அணைகளுக்கு வெளியே சிறு குழி தோண்டிப் பார்த்தோம், மணிக்கு அரை வாளித் தண்ணீர் சேர்ந்தது, பொருட்படுத்தத் தக்கதன்று. இன்னொரு ஐயம், நின்ற நீரில் வண்டல் படிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும் என்பது. ஒரு வாரம் விட்டுவைத்தால் இது உண்மையாகும். கசிவு குறைத்துத் தோன்றும். இரண்டு நாளில் முடித்துவிட்டதால் எங்கள் கணக்கை அது அதிகம் கெடுத்திருக்காது. ஐம்பது மீட்டரில் அளந்ததை ஐந்து கிலோமீட்டருக்கும் பொருத்துவதுதான் பெரிய துணிச்சல். அதனால் மேலும் மூன்று இடங்களில் அளந்தோம். இரண்டு இடங்களில் ஏறத்தாழ இதே விடை வந்தது. மூன்றாவது இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து கிலோமீட்டருக்குக் கசிவு, நாளொன்றுக்கு 7,000 கனமீட்டர். ஓடும் நீரில் சுமார் ஆறு சதவீதம். இனி பணக் கணக்குக்கு வருவோம்.

தளம் நீர்மட்டத்தோடு நின்றுவிடாது. அதற்கு மேலும் சிறிது உயர்த்திப் போட வேண்டும். ஆகவே சுற்றளவை 7 மீட்டர் என்று கொள்வோம். ஐந்து கிலோமீட்டருக்கு 35,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், செலவு மூன்றரைக் கோடி. இந்தப் பணத்தை 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 25 ஆண்டுகளில் சம தவணையாகத் திருப்பித் தருவதாக எண்ணுங்கள். ஒவ்வொரு லட்சத்திற்கும் ஆண்டுத் தவணை சுமார் 9,370 ரூபாய். மொத்தத்திற்கும் ஆண்டுக்கு 32.8 லட்சம். ஏன் 25 ஆண்டு? கான்கிரீட் நூறாண்டு நிற்காதா என்று கேட்பீர்கள். கட்டடத்தில் நிற்கலாம். கால்வாயில் அதற்கு வேறொரு பகை உண்டு. கரை மண் ஊறியிருக்கும்போது கால்வாய் நீரைத் திடீரென்று நிறுத்தினால், தளத்தின் பின்னாலிருக்கும் நீர் உள்நோக்கி அழுத்தும். எதிர் அழுத்தம் தர முன்னால் நீர் இராது. பலகைகள் உப்பிப் பெயர்ந்துவிடும். இதற்காகத்தான் தளத்தில் வடிதுளைகள் விடுகிறார்கள். அவை அடைத்துக்கொண்டால் ஆபத்து. மேலே பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் பலகையைக் கம்பியால் தட்டிப் பாருங்கள். உள்ளே மண் அரித்துப் போயிருந்தால் வெற்றுப் பானை போல ஒலிக்கும்.

வெடிப்புகளாலும் இணைப்புகளாலும் தளம் போட்ட பின்னும் கசிவு முற்றிலும் நிற்பதில்லை. நான்கில் மூன்று பங்கு நிற்கும் என்று கொண்டால், மிச்சமாவது நாளைக்கு 5,250 கனமீட்டர். இந்த வாய்க்காலுக்கு ஆண்டில் ஒரு போகம், 120 நாள்தான் நீர் கிடைக்கிறது. ஆகவே ஆண்டுக்கு 6,30,000 கனமீட்டர். 32.8 லட்சத்தை இதனால் வகுத்தால், மிச்சம் பிடித்த ஒவ்வொரு கனமீட்டரின் விலை 5 ரூபாய் 20 காசு. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 5,000 கனமீட்டர் வேண்டும். எனவே மிச்சமான நீர் 126 ஏக்கருக்குப் போதும். ஏக்கருக்கு நீருக்காக மட்டும் 26,000 ரூபாய் செலவு. தண்ணீர் இல்லாமல் தரிசாகக் கிடந்த ஒரு ஏக்கர், தண்ணீர் வந்தபின் ஒரு போகத்தில் இதைவிட அதிகம் நிகர லாபம் தருமா? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நெல் பயிரிடுபவர் இருந்தால் கேளுங்கள். அந்த விடையில்தான் தளம் போடலாமா என்பது அடங்கியிருக்கிறது.

அடங்கியிருக்கிறது என்றா சொன்னேன்? அவசரப்பட்டுவிட்டேன். முதல் பத்தியில் கண்ட கிணறுகளை மறந்துவிட்டோம்.

கசிந்த நீர் கால்வாய்க்கு நஷ்டம். ஆனால் உலகத்திலிருந்து அது மறைந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதியைக் கிணற்றுக்காரர் இறைத்துப் பயிர் செய்கிறார். தளம் போட்டால் அவருடைய நீரை எடுத்துக் கடைமடைக்காரருக்குக் கொடுக்கிறோம். புதிய நீரை உண்டாக்கவில்லை. எவ்வளவு பகுதி கிணற்றுக்குப் போகிறது என்பதற்கும் ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம். வாய்க்காலின் கீழ்ப்புறம் 600 மீட்டர் அகலத்திற்குள் இருந்த பன்னிரண்டு கிணறுகளில் வாரந்தோறும் கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்தோம். தண்ணீர் விட்டிருந்த காலத்தில் மட்டம் சராசரியாக 5 மீட்டர் உயர்ந்தது. 5 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் அகலமும் சேர்ந்தால் 30 லட்சம் சதுர மீட்டர். ஆனால் பூமிக்குள் இருப்பது ஏரியன்று. பாறையும் சிதைந்த பாறையுமே. அதில் கிணற்றுக்கு ஊறி வரக்கூடிய நீர் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கொள்ளலாம். 30 லட்சம் × 5 × 0.02 = 3,00,000 கனமீட்டர். நான்கு மாதக் கசிவு 8,40,000. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிணறுகளின் சேமிப்பில் சேர்ந்திருக்கிறது. அந்த நான்கு மாதத்திலேயே இறைத்துவிட்ட நீர் இதற்கு மேல். வடகிழக்குப் பருவ மழையும் இந்த உயர்வில் பங்கு கேட்கும். அதைப் பிரிக்கத்தான் மேட்டுப்புறக் கிணறுகளையும் குறிக்க வேண்டும். அவற்றில் மழைக்குப் பின் உயர்ந்தது ஒரு மீட்டருக்கும் குறைவு.

இறைப்பையும் சேர்த்து, கசிவில் பாதி இப்படித் திரும்பப் பயன்படுவதாக வைத்துக்கொண்டால், தளத்தால் உண்மையில் மிச்சமாவது 3,15,000 கனமீட்டர்தான். செலவு மாறாது. ஒரு கனமீட்டரின் விலை 10 ரூபாய் 40 காசாக ஏறிவிடுகிறது; ஏக்கருக்கு 52,000 ரூபாய். முன்பு தளம் போடலாம் என்றவரும் இப்போது தயங்குவார். கடைமடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொன்னால், "கிணற்றுக்காரன் கிணறும் வைத்திருக்கிறான், கால்வாயும் வைத்திருக்கிறான், எனக்குக் கால்வாய் மட்டும்தானே?" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அது நீரின் அளவைப் பற்றிய கேள்வி அன்று, பங்கீட்டைப் பற்றியது. கனமீட்டரை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது.

இந்த வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடும் ஆல் அமெரிக்கன் கால்வாய் மணலில் வெட்டப்பட்டது. அதன் 37 கிலோமீட்டர் பகுதிக்கு 2009-இல் கான்கிரீட் கால்வாய் கட்டி முடித்தார்கள். ஆண்டுக்கு எட்டு கோடிக் கனமீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் கசிந்த நீர் எல்லைக்கு அப்பால் மெக்சிகாலி உழவர்களின் கிணறுகளை நிரப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் நீதிமன்றம் வரை சென்றும் வேலை நிற்கவில்லை. நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடத்தில் வாதமே வேறு. ராஜஸ்தானத்தின் பாலைப் பகுதிகளில் கசியும் நீர் உவர் நீரோடு கலந்துவிட்டால் திரும்பப் பயன்படாது. அங்கே கசிவு முழு நஷ்டம். இந்திரா காந்திக் கால்வாயைத் தளம் போட்டே கட்டியதில் வியப்பில்லை.

இனி அந்த மூன்றாவது இடத்துக்கு வருவோம். ஆறாவது கிலோமீட்டரில் வாய்க்கால் ஓர் ஓடையைக் கடக்கிறது. அங்கே சுமார் 400 மீட்டருக்கு மண் கொட்டி உயர்த்திய மேட்டின் மேல் ஓடுகிறது. "அங்கதான் சார் தண்ணி நிக்காது" என்று அந்த வாய்க்காலைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் லஸ்கர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்ற இடங்களில் புல் காய்ந்த பிறகும் அந்தக் கரையின் வெளிச்சரிவு மட்டும் பச்சையாக இருக்குமாம். அளந்து பார்த்தோம். ஆறே மணி நேரத்தில் கசிவினால் 17 செ.மீ. இறங்கிவிட்டது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 லிட்டர். மற்ற இடங்களைவிட இரண்டரை மடங்கு.

இந்த 400 மீட்டருக்கு மட்டும் தளம் போட்டால் 2,800 சதுர மீட்டர், 28 லட்சம் ரூபாய், ஆண்டுத் தவணை 2 லட்சத்து 62 ஆயிரம். மிச்சமாவது ஆண்டுக்கு 1,21,000 கனமீட்டர். விலை கனமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசுக்குள். இங்கே கசியும் நீர் எந்தக் கிணற்றுக்கும் போகவில்லை. நேரே ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடுகிறது. ஓடையில் தடுப்பணையும் இல்லை. ஐந்து கிலோமீட்டருக்குச் செலவிடும் பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டு, அதனால் கிடைக்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கை இங்கே பெறலாம். யாருடைய கிணறும் வற்றாது.

இதை அங்கேயே நின்று மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ஓடையில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் கேட்டார்: "இந்தத் தண்ணி நின்னு போச்சுன்னா, எருமைக்குத் தண்ணி எங்கீங்க காட்டறது?" கணக்கில் விட்டுப்போன இனம். எழுதிக்கொண்டோம். ஓர் எருமைக்கு நாளைக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்க வேண்டும். அந்தக் குடியிருப்பில் இருபது எருமைகள், மொத்தம் 1.2 கனமீட்டர். மேட்டில் கசிவதோ 1,344. தளத்தில் ஒரு சிறு குழாயைப் பதித்து, கரைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டிவிட்டால் போதும்.